டைபாய்டு ஊசி: நானூறு ரூபாய்க்கும் இரண்டாயிரம் ரூபாய்க்கும் என்ன வித்தியாசம்?

"வேலூர் பக்கம் இருக்கிறோம். குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வரும், மழை பெய்தால் சாக்கடை வாடை அடிக்கிறது. பக்கத்து வீட்டில் இரண்டு பேருக்கு டைபாய்டு. எங்கள் வீட்டில் 10 மாதப் பையன், 6 வயதுப் பெண் (அவளுக்கு 2 வயதில் ஒரு டைபாய்டு ஊசி போட்டோம்), நான், கணவர், 67 வயது மாமியார். ஒரு டாக்டர் இரண்டாயிரம் ரூபாய் ஊசி என்கிறார், இன்னொரு கிளினிக்கில் நானூறு ரூபாய்க்கே இருக்கிறது என்கிறார்கள். யாருக்கு எதைப் போடுவது?"

அந்த இரண்டும் ஒரே மருந்தின் இரண்டு விலை அல்ல. இரண்டு வெவ்வேறு ஊசிகள். உங்கள் பையனுக்கு நானூறு ரூபாய் ஊசியைப் போடவே கூடாது. பெண்ணுக்கும் விலை அதிகமானதுதான் சரி. உங்களுக்கும் கணவருக்கும் இரண்டில் எதுவும் தவறில்லை, ஆனால் காரணம் தெரிந்து தேர்ந்தெடுங்கள். மாமியாருக்கு ஊசியைவிட அவர் தினமும் போடும் மாத்திரைகளைப் பற்றி முதலில் கேட்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் குழந்தைகள் மருத்துவராக இருப்பதால் குழந்தைகளைப் பற்றி உறுதியாகச் சொல்வேன். பெரியவர்களைப் பற்றிச் சொல்வது படித்ததும், பொது மருத்துவம் பார்க்கும் நண்பர்களோடு பேசித் தெரிந்துகொண்டதும்.

டைபாய்டு கிருமியின் மேல் ஒரு வழவழப்பான சர்க்கரை உறை இருக்கும். அதற்கு வி-ஐ என்று பெயர். மலிவான ஊசியில் இருப்பது அந்த உறை மட்டும்தான். அதை பாலிசாக்கரைடு ஊசி என்பார்கள். விலை அதிகமான ஊசியில் அதே உறையை ஒரு புரதத்தோடு, பெரும்பாலும் டெட்டனஸ் தடுப்பூசியில் வரும் அதே புரதத்தோடு, பிணைத்திருப்பார்கள். இதுதான் கான்ஜுகேட் ஊசி, சுருக்கமாக டிசிவி. பெரும்பாலான பிராண்டுகளில் 25 மைக்ரோகிராம் உறை இருக்கும், அரை மில்லி, தசையில் ஒரே ஊசி.

இந்தப் பிணைப்பு எதற்கு? இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் உடம்பு வெறும் சர்க்கரை உறையைப் பார்த்தால் அதை எதிரியாக எடுத்துக்கொள்ளாது, எதிர்ப்புப் பொருள் சரியாக உருவாகாது. பெரியவர்களுக்கு உருவாகும், ஆனால் நினைவில் நிற்காது. இரண்டு மூன்று வருடத்தில் வடிந்துவிடும். மறுபடி போட்டாலும் முதல் ஊசியின் மேல் அது ஏறி நிற்பதில்லை, ஆரம்பத்திலிருந்துதான் தொடங்கும். புரதத்தோடு சேர்த்துக் கொடுத்தால், கிருமியை நினைவில் வைக்க உதவும் டி செல்கள் என்ற இரத்த அணுக்கள் உதவிக்கு வரும். அப்போது ஆறு மாதக் குழந்தைக்கும் எதிர்ப்பு உருவாகும், உடம்பு அதை நினைவிலும் வைத்துக்கொள்ளும். அதனால்தான் பாலிசாக்கரைடுக்கு உரிமம் இரண்டு வயதிலிருந்து, கான்ஜுகேட்டுக்கு ஆறு மாதத்திலிருந்து.

நடைமுறையில் இது எப்படித் தவறுகிறது என்று ஒரு சம்பவம் சொல்கிறேன். மூன்று வயதுப் பையன் ஒருவனை எட்டாவது நாள் காய்ச்சலோடு தூக்கி வந்தார்கள். நாக்கு நடுவில் வெள்ளையாகப் படிந்து, ஓரம் மட்டும் சிவந்திருந்தது. வயிறு கொஞ்சம் உப்பியிருந்தது, மண்ணீரல் விரலில் தட்டியது. "டைபாய்டு ஊசி போட்டாச்சே டாக்டர்" என்று அம்மா தடுப்பூசி அட்டையை நீட்டினார். பதினாலு மாதத்தில் 'டைபாய்டு' என்று நீல மையில் எழுதி, பக்கத்தில் ஒரு டிக். ஸ்டிக்கர் இல்லை. ரசீதை வீட்டில் தேடி எடுத்து வந்தார்கள். பாலிசாக்கரைடு. இரத்த வளர்ப்புப் பரிசோதனையில் டைபாய்டு கிருமி வளர்ந்தது. பையன் நன்றாகத் தேறிவிட்டான். ஆனால் அந்த அம்மா ஒன்றே முக்கால் வருடமாகப் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பியிருந்தார். அந்த டிக்கை இன்றும் நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. அதனால் உங்களிடம் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அட்டையில் டிக் போதாது. மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரை ஒட்டச் சொல்லுங்கள், அல்லது குப்பியைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் கான்ஜுகேட் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

கான்ஜுகேட் எவ்வளவு வேலை செய்கிறது என்பதில் பெரிய சந்தேகம் கிடையாது. நேபாளத்தில் லலித்பூர், மலாவியில் பிளான்டையர், வங்கதேசத்தில் டாக்கா என்று மூன்று இடங்களில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். மூன்று இடத்திலும் முதல் ஒன்றரை இரண்டு வருடத்தில் டைபாய்டு ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. நம் நாட்டில் நவி மும்பை மாநகராட்சி 2018-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இதைப் போட்டது. அங்கேயும் பலன் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல், டைபாய்டு அதிகமுள்ள இடங்களில் கிடைக்கும் ஊசிகளில் கான்ஜுகேட்டையே முதலில் தேர்ந்தெடுக்கச் சொன்னது.

உங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பயமுறுத்த அல்ல. வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வில் டெல்லி, கொல்கத்தா, வேலூர், புனே அருகே ஒரு கிராமப்புறம் என்று நான்கு இடங்களில் குழந்தைகளை வாரந்தோறும் தொடர்ந்து கவனித்து, காய்ச்சல் வந்தால் இரத்தம் எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். நகரப் பகுதிகளில் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு வருடத்துக்கு 576 முதல் 1173 பேர் வரை டைபாய்டு. புனே கிராமத்தில் 35 தான். நகரங்களில் வேலூர்தான் மேலே இருந்தது. அதாவது வெளியூர் போகிறவர் பாதுகாப்புக்காகப் போட்டுக்கொள்வது போல இதை யோசிக்க வேண்டாம். உங்கள் பையன் தவழ்ந்து, எழுந்து, குழாயடியில் கையை நனைக்கிற வயசு இது.

சரி, பையனுக்கு எப்போது? இப்போதே போடலாம். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் ஆறு மாதம் முடிந்ததிலிருந்து ஒரே ஒரு கான்ஜுகேட் ஊசி என்கிறது. ஒன்பது மாதத்தில் போடும் தட்டம்மை ரூபெல்லா ஊசி பாக்கி இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் வேறு வேறு தொடையில் போடலாம். முன்பு நான்கு வாரம் இடைவெளி விடச் சொல்வோம், இப்போது தேவையில்லை. ஊசி போட்ட இடம் வலிக்கும், சிலருக்கு ஒரு நாள் இரண்டு நாள் லேசான காய்ச்சல் வரும், அவ்வளவுதான். அன்றைக்கு அவனுக்கு நல்ல காய்ச்சல் இருந்தால் மட்டும் தள்ளிப் போடுங்கள். மூக்கு ஒழுகுவதற்காகத் தள்ள வேண்டாம்.

அடுத்த கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள்: மறுபடி எப்போது? இங்கேதான் உறுதி குறைகிறது. மலாவியில் நான்கு வருடம் கடந்தும் பாதுகாப்பு முக்கால் பங்குக்கு மேல் நின்றது. டாக்காவில் மூன்றாம் வருடத்துக்கு அப்புறம் ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது, அதிலும் இரண்டு வயதுக்குள் போட்டுக்கொண்டவர்களிடம் சரிவு அதிகம். டாக்காவில் கிருமி நடமாட்டம் அதிகம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம், முடிவாகச் சொல்ல முடியாது. சங்கத்தின் அட்டவணையில் இப்போது பூஸ்டர் இல்லை. முன்பு இரண்டு வயதில் ஒன்று இருந்தது, அதனால் சில கிளினிக்குகளில் இன்னும் அதைக் கேட்பார்கள். ஒரு வயதுக்குள் போட்ட குழந்தை உங்கள் தெரு மாதிரி இடத்தில் வளர்ந்தால், பள்ளி சேரும் ஐந்து வயது வாக்கில் இன்னொன்று போடுவதைப் பற்றி நான் பெற்றோரிடம் பேசுகிறேன். இது என் கருத்து, வழிகாட்டுதல் அல்ல. அவசரம் இல்லாத முடிவு, நான்கு வருடம் கழித்து அப்போதைய அட்டவணையைப் பார்த்து எடுக்கலாம்.

பெண்ணுக்கு வருவோம். இரண்டு வயதில் போட்டது எது என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பழைய ரசீது இருந்தால் விலையே பாதி சொல்லிவிடும். பாலிசாக்கரைடு என்றால் அதன் காலம் முடிந்துவிட்டது, இன்றைக்கே கான்ஜுகேட் ஒன்று போடலாம். கான்ஜுகேட்தான் என்று உறுதியானால் அவசரப்பட வேண்டாம், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது பேசுங்கள். எதுவும் தெரியவில்லை என்றால் போட்டுவிடுங்கள். கூடுதலாக ஒன்று விழுவதால் கெடுதல் இல்லை. இந்த வயதில் பாலிசாக்கரைடைத் திரும்பப் போடுவதற்கு நான் ஏன் ஒத்துக்கொள்வதில்லை என்றால், அதன் பலன் சிறு பிள்ளைகளிடம் இடத்துக்கு இடம் மாறுகிறது. கொல்கத்தா குடிசைப் பகுதியில் நடந்த ஆய்வில் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் இருந்தவர்களுக்கு 80 சதவீதம் பாதுகாப்பு. கராச்சியில் அதே வயதில் பாதுகாப்பு கிடைத்ததாகவே தெரியவில்லை. ஒரு சிறு பெண்ணுக்கு எந்த முடிவு பொருந்தும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

உங்களுக்கும் கணவருக்கும் கணக்கு வேறு. முதலில், அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்பு ஏற்கெனவே இருக்கும். குழந்தைகளுக்குப் போட்ட பிறகு பணம் மிஞ்சினால் போடலாம், மிஞ்சாவிட்டால் காத்திருக்கலாம். உங்களில் ஒருவர் வெளியூரிலிருந்து வந்து சமீபத்தில்தான் அங்கே குடியேறியவர் என்றால், அல்லது வெளியே சாப்பிட்டே வேலை பார்ப்பவர் என்றால், அவருக்கு முன்னுரிமை.

ஆக்ஸ்போர்டில் செய்த ஒரு சோதனை இந்த விஷயத்தில் உதவும். 2017-ல் அதன் முடிவு வந்தது. டைபாய்டையே பார்க்காத நாட்டில் வளர்ந்த ஆரோக்கியமான பெரியவர்கள் ஊசி போட்டு ஒரு மாதம் கழித்து, மருத்துவர்கள் பக்கத்தில் இருக்க, சோடா உப்புக் கரைசலோடு உயிருள்ள டைபாய்டு கிருமியைக் குடித்தார்கள். நினைத்தாலே அவர்கள் மேல் மரியாதை வருகிறது. கடுமையான அளவுகோலில் பார்த்தால் இரண்டு ஊசியும் ஏறத்தாழ பாதிப் பேரைக் காத்தன. காய்ச்சல் வந்து, அதன்பின் இரத்தத்தில் கிருமி தெரிந்தால்தான் நோய் என்று, நாம் கிளினிக்கில் பார்க்கும் விதமாகக் கணக்கிட்டால் கான்ஜுகேட் 87 சதவீதம், பாலிசாக்கரைடு பழையபடி 52. அதாவது பெரியவர்களுக்கு மலிவான ஊசி வீண் அல்ல, ஆனால் கான்ஜுகேட் ஒருபடி மேல். அப்புறம் பாலிசாக்கரைடை மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும் என்ற நிபந்தனையையும் யோசியுங்கள். மூன்றாம் வருடம் தேதியை ஞாபகம் வைத்து இரண்டாவது பாலிசாக்கரைடுக்கு வந்த பெரியவர்களை என் நண்பர்கள் விரல்விட்டு எண்ணிவிடலாம் என்கிறார்கள். உங்களுக்கு இன்றைக்கு எண்ணூறு ரூபாய்தான் முடியும் என்றால் இருவருக்கும் பாலிசாக்கரைடு போட்டு, போன் காலண்டரில் மூன்று வருடம் தள்ளிக் குறித்து வையுங்கள். முடியும் என்றால் கான்ஜுகேட். நீங்கள் கர்ப்பமாக இருந்தாலோ இருக்க வாய்ப்பு இருந்தாலோ போடுவதற்கு முன் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாத்திரையாக விழுங்கும் டைபாய்டு தடுப்பு மருந்து ஒன்று வெளிநாடுகளில் விற்கப்பட்டு வந்தது, அங்கே இருக்கும் உறவினர்கள் அதைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அது உயிருள்ள பலவீனப்படுத்திய கிருமி. சிறு குழந்தைகளுக்குக் கிடையாது, ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது வேலை செய்யாது. உங்கள் வீட்டுத் தேவைக்கு அதைத் தேடி அலைய வேண்டாம்.

மாமியாருக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை 45 வயது வரைதான் பேசுகிறது, அதற்கு மேல் ஆய்வுகள் மிகக் குறைவு. பாலிசாக்கரைடுக்கு அதிகபட்ச வயது வரம்பு இல்லை என்பதால், போட வேண்டும் என்று முடிவானால் அது ஒரு வழி. ஆனால் அவர் தினமும் காலையில் வெறும் வயிற்றில் அசிடிட்டி மாத்திரை போடுகிறாரா என்று பாருங்கள். வயிற்று அமிலம்தான் இந்தக் கிருமியைக் கொல்லும் முதல் காவல். பல வருடமாக யாரும் கேட்காமல் அந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருப்பவர்களுக்கு, மிகக் குறைந்த எண்ணிக்கையில் கிருமி உள்ளே போனாலும் நோய் வரலாம். அந்த மாத்திரை இன்னும் தேவையா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், இதயத்துக்கோ மூட்டுக்கோ சாப்பிடும் மருந்துக்குத் துணையாகக் கொடுத்திருக்கலாம்.

இந்த ஊசிகள் எதைத் தடுக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பாராடைபாய்டு ஏ என்று ஒரு பங்காளி நோய் இருக்கிறது, அறிகுறி ஏறத்தாழ அதே. அதன் கிருமிக்கு வி-ஐ உறையே கிடையாது. அதனால் இரண்டு ஊசியும் அதற்கு வேலை செய்யாது. மஞ்சள் காமாலை, காலரா, மற்ற வயிற்றுப்போக்கு எதற்கும் இது தடுப்பு அல்ல. டைபாய்டுக்கே கூட, சாக்கடை நேரடியாகக் கலந்து ஏராளமான கிருமி உள்ளே போனால் பாதுகாப்பு குறையும். மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடும் ஊரில் குழாய் காலியாக இருக்கும் நேரத்தில்தான் பக்கத்துச் சாக்கடை உள்ளே உறிஞ்சப்படுகிறது. தண்ணீர் விட்டதும் முதலில் வருவது அந்தத் தேங்கல். அதை சம்பில் சேர்க்காமல் கீழே விட்டுவிட்டு, வாடை போன பிறகு பிடியுங்கள். குடிப்பதைக் கொதிக்க வையுங்கள், தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் போதும். வாடை வரும் நாளில் தண்ணீரின் படத்தோடு நகராட்சியில் புகார் எழுதிக் கொடுங்கள், தெருவில் நான்கு பேராகச் சேர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லது.

ஊசி போட்ட பிறகும் யாருக்காவது காய்ச்சல் மூன்று நான்கு நாளைத் தாண்டினால், "ஊசி போட்டிருக்கிறோமே, டைபாய்டாக இருக்காது" என்று விட்டுவிட வேண்டாம். அதே நேரம் வைடால் டெஸ்ட் ஒன்று எடுத்து, 1:160 என்று வந்ததும் டைபாய்டு என்று முடிவு செய்யவும் வேண்டாம். வைடால் பார்ப்பது கிருமியின் வேறு பகுதிகளுக்கான எதிர்ப்பை. நம் ஊரில் நோய் இல்லாதவர்களுக்கும் அது கூடுதலாக இருக்கும். உறை ஊசி அதை மாற்றாது என்பதால், ஊசியினால்தான் பாசிட்டிவ் வந்தது என்ற விளக்கமும் சரியல்ல. ஆன்டிபயாட்டிக்கின் முதல் மாத்திரைக்கு முன்னால் இரத்த வளர்ப்புப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பெரியவருக்கு எட்டிலிருந்து பத்து மில்லி இரத்தம் எடுப்பார்கள், குழந்தைக்கு இரண்டு நான்கு மில்லி. நோய் உள்ள பத்துப் பேரில் ஆறு பேரிடம்தான் அது கிருமியைக் காட்டும், ஆனால் காட்டினால் எந்த மருந்துக்கு அடங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லும். 2016-ல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் கிளம்பிய வகைக்கு வழக்கமான ஊசி மருந்தான செஃப்ட்ரியாக்சோனும் கேட்கவில்லை. வாய்வழி மருந்துகளில் அசித்ரோமைசின்தான் மிஞ்சியது. பாகிஸ்தான் 2019-ல் உலகத்திலேயே முதல் நாடாக கான்ஜுகேட்டை அரசு அட்டவணையில் சேர்த்ததற்கு அதுவே காரணம்.

நம் அரசு அட்டவணையில் இதை எழுதும்போது இது இன்னும் வரவில்லை, அதனால் தனியாரில்தான் போட வேண்டும். நான்கைந்து நிறுவனங்களின் கான்ஜுகேட் சந்தையில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி பெற்ற எதுவானாலும் நான் போடுவேன். இரண்டாயிரத்துக்குக் குறைவாகவும் கிடைக்கும், இரண்டு மூன்று மருந்துக்கடையில் விசாரியுங்கள். கடையில் வாங்கிக்கொண்டு போவதானால் ஐஸ் பையோடு வாங்குங்கள், ஆனால் குப்பி ஐஸில் நேரடியாக ஒட்டக் கூடாது. இந்த மருந்து உறைந்தால் கெட்டுவிடும், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

இந்த மாதம் ஒருவருக்குத்தான் முடியும் என்றால் பையனுக்கு, அடுத்த மாதம் பெண்ணுக்கு. அவளுடைய பழைய அட்டையின் படத்தை, பெயரை மறைத்துவிட்டு, இங்கே போட்டால் அது எந்த ஊசி என்று கண்டுபிடிக்க உதவுகிறேன்.